‘சின்ன நூல்தானே தம்பி!’ – ஆப்ஜெக்ட் ரிமூவலுக்கு ரேட் சொல்வது எப்படி?

தாராவியில் வீட்டிலிருந்தபடியே போட்டோ ரீடச்சிங் செய்கிறேன். எனக்கு வருவதில் பெரும்பங்கு ஆப்ஜெக்ட் ரிமூவல், அதாவது படத்தில் இருக்கக்கூடாத ஒன்றைத் தடம் தெரியாமல் எடுத்துத் தரும் வேலை. தாராவி மெயின் ரோட்டுத் தோல் கடைக்காரர்கள் கைப்பை, பெல்ட் படங்களை அனுப்புவார்கள். மாட்டுங்கா ஸ்டுடியோக்களிலிருந்து கல்யாணப் படங்கள் வரும். செம்பூர் புரோக்கர்கள் விற்பனைக்கு வந்த ஃபிளாட்டின் படங்களை அனுப்புவார்கள். மூன்று இடத்திலிருந்தும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: “ஒரு படத்துக்கு எவ்வளவு?”

படத்தைப் பார்க்காமல் இதற்கு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். சுலபமான படங்களுக்கு அதிகம் கேட்டதாக அவர் வேறு ஆளைத் தேடுவார், அல்லது கடினமான படங்களில் பாதி ராத்திரியை நாம் இலவசமாகக் கொடுப்போம். எதைப் பார்த்து ரேட் போடுவது, நாளை எப்படிச் சொல்வது, கரெக்‌ஷன் என்று வரும்போது எங்கே கோடு கிழிப்பது என்பதை, நான் கடைப்பிடிக்கும் கணக்கோடு இங்கே எழுதுகிறேன்.

அளவைப் பார்க்காதீர்கள், பின்னால் இருப்பதைப் பாருங்கள்

தோல் கைப்பையைப் படம் எடுக்கும்போது கைப்பிடி சரிந்து விழாமல் நிமிர்ந்து நிற்க, மேலிருந்து மெல்லிய நைலான் நூலால் கட்டித் தொங்கவிடுவார்கள். அந்த நூலை எடுத்துத் தர வேண்டும். கடைக்காரர் சொல்வார்: “சின்ன நூல்தானே தம்பி, அதுக்குப் போய் இவ்வளவா?”

நூல் சின்னதுதான். அதில் முக்கால்வாசி வெள்ளைப் பின்னணியில் ஓடுகிறது, அதை எடுக்க அரை நிமிடம் போதும். மீதி ஒரு அங்குலம் கைப்பிடியின் மேல், தையலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அங்கே நூலை எடுத்தால் அடியில் தோலின் மணிமணியான பரப்பை அதே திசையில் உண்டாக்க வேண்டும். தையல் கண்கள் ஒரே இடைவெளியில் வர வேண்டும். கைப்பிடி வளையும் இடத்தில் வெளிச்சம் மாறுவதால் பக்கத்துத் தோலை அப்படியே எடுத்து ஒட்டவும் முடியாது, ஒட்டினால் பிளாஸ்திரி போட்டதுபோலத் தெரியும். அதே படத்தில் பைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு விலை அட்டை வெள்ளைத்தாள் மேல் கிடக்கிறது. நூலைவிடப் பல மடங்கு பெரிது, ஆனால் இரண்டு நிமிட வேலை.

அதனால் படம் வந்ததும் மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன். எடுக்க வேண்டிய பொருளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? அது எதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது? தான் நின்ற இடத்துக்கு வெளியே நிழலாகவோ பிரதிபலிப்பாகவோ எதையாவது விட்டிருக்கிறதா? மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பளிங்குத் தரையில் நிற்கும் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, தரையில் தலைகீழாகத் தெரியும் அதன் உருவத்தை விட்டுவிட்டால் ஆல்பம் பார்க்கும் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

இந்த மூன்றையும் வைத்து வேலையை நான்காகப் பிரிக்கிறேன். பின்னணி வெறும் சுவர், வானம், ஒரே நிறத் துணி என்றிருந்து, பொருள் வேறு எதையும் தொடாமல் இருந்தால் அது எளிது. பின்னணியில் கோடுகளோ, மடிப்புகளோ, டைல்ஸோ, படிப்படியாக மாறும் வெளிச்சமோ, நிழலோ இருந்தால் நடுத்தரம். மனிதர் மீதோ, விற்கவேண்டிய பொருள் மீதோ குறுக்கே விழுந்து, மறைந்த பகுதியைக் கட்டி எழுப்ப வேண்டியிருந்தால் கடினம். மறைந்திருப்பது ஒருவருடைய முகமென்றால் அது நான்காம் வகை. வேறு ஃபிரேம் இல்லாமல் அதற்கு நான் ரேட்டே சொல்வதில்லை. இல்லாத முகத்தை ஊகித்து வரைந்தால் அது அவர் முகமாக இருக்காது.

ரேட் எங்கிருந்து வருகிறது

முதலில் ஒரு மணி நேரத்துக்கு நமக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். வீட்டுச் செலவு, வாடகை, கரண்டு, மென்பொருள் சந்தா எல்லாம் சேர்த்து மாதம் 40,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாலும் காசாகும் வேலை 5 மணி நேரத்தைத் தாண்டாது. மீதி நேரம் போனிலும், ஃபைல் ஏற்றி இறக்குவதிலும், பாக்கி கேட்பதிலும் போய்விடும். மாதம் 20 நாள் என்றால் 100 மணி நேரம், ஆக மணிக்கு 400 ரூபாய். உங்கள் எண் வேறாக இருக்கும், கணக்கு இதுதான்.

அடுத்து ஒவ்வொரு வகைக்கும் ஆகும் நேரம். எளிதான படத்துக்கு ஃபைலைத் திறந்து, முடித்து, சரிபார்த்து, சேமித்துத் தரும்வரை 12 நிமிடம் என்று வைக்கிறேன். நடுத்தரத்துக்கு 42 நிமிடம், கடினத்துக்கு 116 நிமிடம். கடைசி இரண்டிலும் ஒரு சுற்றுக் கரெக்‌ஷனுக்கான நேரமும் அடக்கம். அப்படிப் பார்த்தால் எளிது 80 ரூபாய், நடுத்தரம் 280, கடினம் சுமார் 780 வரும். கரெக்‌ஷனே வராது என்று எண்ணி ரேட் போடுகிறவர்தான் பிறகு கரெக்‌ஷன் வரும்போது எரிச்சல்படுகிறார். அது வரும் என்று முதலிலேயே விலையில் சேர்த்துவிட்டால் சிரித்த முகத்தோடு செய்து தரலாம்.

தோல் கடை வேலைபோல மொத்தமாக 60, 70 படங்கள் வரும்போது ஒவ்வொன்றையும் தரம் பிரிப்பது சிரமம். அப்போது அந்தக் குவியலிலிருந்து சுலபமாகத் தெரிவதில் ஒன்று, நடுவாந்திரமாக ஒன்று, மோசமானதில் ஒன்று எடுத்து, கடிகாரத்தைப் பார்த்து முடிக்கிறேன். பிறகு அந்த மூன்று படத்தையும் ரேட்டோடு சேர்த்தே அனுப்புகிறேன். வேலையின் தரத்தைப் பார்த்து அவர் முடிவெடுக்கலாம், எனக்கும் நேரம் தெரிந்துவிடும். மொத்த வேலைக்குத் தள்ளுபடி கேட்பார்கள். ஃபைல் திறந்து மூடும் நேரம் மிச்சமாவதால் எளிதான படங்களில் குறைத்துக் கொடுக்கலாம். கடினமானவற்றில் குறைக்க இடமில்லை. ஒவ்வொரு பையின் தோலும் வேறு என்பதால் ஐம்பதாவது பையின் நூலும் முதல் பையின் நூல் எடுத்த நேரத்தையே எடுக்கும்.

சில சமயம் சரியான பதில், “திரும்ப எடுத்துவிடுங்கள்” என்பதுதான். பெல்ட் பக்கிளில் படம் எடுத்தவரின் கோடு போட்ட சட்டை கண்ணாடிபோலத் தெரிந்தது. அதை எடுக்க 40 நிமிடம் ஆகும். கேமராவுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை வைத்து, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட்டு எடுத்தால் 5 நிமிடத்தில் புதுப்படம். அப்படிச் சொல்வதால் அந்த ஒரு படத்தின் காசு போகும், ஆனால் அடுத்த குவியல் அந்தக் கடையிலிருந்து என்னிடமே வரும்.

ஒரு கல்யாணம், 12 படங்கள்

மாட்டுங்காவில் ஒரு ஸ்டுடியோக்காரர் 12 படங்களை வாட்ஸ்அப்பில் போட்டு ரேட் கேட்டார். நான் முதலில் செய்தது, அவற்றை டாக்குமெண்டாகவோ டிரைவ் லிங்க்காகவோ திரும்ப அனுப்பச் சொன்னது. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். சுருங்கிய படத்தில் வழவழவென்று தெரியும் பட்டுப்புடவைக் கரை, முழு ஃபைலில் ஜரிகை ஜரிகையாக நிற்கும். 12-க்கு 36 அங்குல ஆல்பம் விரிப்பில் 300 டிபிஐ என்றால் நீளவாக்கில் 10,800 பிக்சல். அதில் ஒரு சின்ன ஒட்டுக்கூடப் பளிச்சென்று தெரியும். போன் திரையில் பார்த்து ரேட் சொல்லக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். “போனிலேயே அழிக்கலாமே” என்று கேட்பவருக்கும் இதையே சொல்கிறேன். போனில் பார்ப்பதற்கு என்றால் தாராளமாகப் போனிலேயே செய்துகொள்ளலாம்.

இரண்டாவதாக, எடுக்க வேண்டியவற்றைச் சிவப்பு வட்டமிட்டு எண் போட்டு அனுப்பச் சொன்னேன். “தேவையில்லாததை எல்லாம் எடுத்துடுங்க” என்பது வேலை விவரம் ஆகாது. எது தேவையில்லாதது என்பதில் மணமகன் வீட்டுக்கும் மணமகள் வீட்டுக்குமே கருத்து ஒன்றாக இருக்காது.

முழு ஃபைல்கள் வந்ததும் பிரித்தேன். சுவரில் சுவிட்ச் போர்டு, மேடைக் கம்பளத்தில் தண்ணீர் பாட்டில், மேலே ஓடும் ஒயர் என 7 படங்கள் எளிது. மடிப்புத் திரைக்கு முன் மைக் ஸ்டாண்ட், பளபளக்கும் தரையில் டிரைபாட், திரையோரமாகப் போன் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவர், இந்த 3 படங்களும் நடுத்தரம். தாலி கட்டும் படத்தில் வீடியோ லைட் ஸ்டாண்ட் மணமகளின் அம்மாவுடைய காஞ்சிபுரம் புடவைக் கரையைக் குறுக்கே வெட்டுகிறது, அது கடினம். கடைசிப் படத்தில் யாரோ நீட்டிய போன், மணமகளின் அப்பா முகத்தில் பாதியை மறைத்திருந்தது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஃபிரேம்களைக் கேட்டேன். முக்கியமான தருணங்களில் கேமராக்காரர்கள் அடுத்தடுத்துத் தட்டிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் பெரும்பாலும் ஒன்றிலாவது கை விலகியிருக்கும். கிடைத்தால் அது கடின வகை, கிடைக்காவிட்டால் அந்தப் படம் கிடையாது.

நான் அனுப்பிய கொட்டேஷன் இது:

> வணக்கம் சார். 12 படமும் பார்த்தேன்.
> எளிது 7 × 80 = 560
> நடுத்தரம் 3 × 280 = 840
> கடினம் 2 × 780 = 1,560
> மொத்தம் ரூ. 2,960. பாதி அட்வான்ஸ்.
> 12-ஆம் படம், அப்பா முகம் தெரியும் வேறு ஃபிரேம் கிடைத்தால் மட்டும். இல்லையென்றால் அந்த 780 கழியும்.
> முழு ஃபைல், வட்டமிட்ட படம், அட்வான்ஸ் மூன்றும் வந்த பிறகு 3-வது வேலை நாள் மாலை புரூஃப்.
> ஒரு சுற்றுக் கரெக்‌ஷன் இதில் அடக்கம். எல்லாவற்றையும் ஒரே மெசேஜில், ஒருவர் மட்டும் சொல்ல வேண்டும். சொன்ன மறுநாள் முடித்துத் தருவேன்.
> இரண்டாம் சுற்று முதல் மணிக்கு 400, குறைந்தது அரை மணி. வட்டமிடாத புதுப் பொருளுக்குத் தனி ரேட்.

இதில் நாள் கணக்கைக் கவனியுங்கள். வேலை நேரம் மொத்தம் 7 மணி 22 நிமிடம். அதைப் பார்த்து “நாளைக்கே தர்றேன்” என்று சொல்லத் தோன்றும். ஆனால் நாளுக்கு 5 மணி நேரம் என்றால் இதற்கே ஒன்றரை நாள். கையில் ஏற்கெனவே இருக்கும் வேலைக்கு ஒரு நாள். ஆக மூன்றாம் நாள் மாலை. இதில் அவருடைய யோசனைக்கான நாட்களை நான் சேர்க்கவில்லை. “மொத்தம் 5 நாளில் முடியும்” என்று சொல்லியிருந்தால், வீட்டாரிடம் காட்ட அவர் எடுக்கும் ஒரு வாரமும் என் தாமதமாகத்தான் எண்ணப்படும். புரூஃப் வரை ஒரு கெடு, பதில் வந்ததிலிருந்து இன்னொரு கெடு என்று பிரித்துச் சொன்னால் அந்தச் சிக்கல் இல்லை.

அவசரம் என்று கேட்டால் பாதி கூடுதல் என்கிறேன். அதற்கு முன் எது அவசரம் என்று கேட்கிறேன். பெரும்பாலும் அட்டைப்படம் ஒன்றுதான் அவசரமாக இருக்கும். அந்த ஒரு படத்துக்கு மட்டும் கூடுதல் வாங்கிக்கொண்டு முதலில் தந்துவிடலாம். தையிலும் ஆவணியிலும் முகூர்த்தங்கள் குவியும்போது கெடுவை இரட்டிப்பாக்குகிறேன். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை கிடையாது, அப்போது கேட்டால் மறுநாளே தர முடியும். தீபாவளிக்கு முன்பு தோல் கடைகளில் பரிசுப் பொருள் ஆர்டர் சூடுபிடிக்கும். இந்தக் காலண்டரைத் தெரிந்துகொண்டு நாள் சொல்ல வேண்டும்.

கரெக்‌ஷன் மூன்று வகை

அப்பா முகம் தெரியும் ஃபிரேமும் கிடைத்தது. புரூஃப் போனதும் ஸ்டுடியோக்காரரிடமிருந்து நான்கு குறிப்புகள் வந்தன. மைக் ஸ்டாண்டின் நிழல் திரையில் லேசாகத் தெரிகிறது. புடவைக் கரை ஓரிடத்தில் கொஞ்சம் ஒல்லியாக இருக்கிறது. மூன்றாம் படத்தில் மேலே ஒரு பலூன் இருக்கிறது, அதையும் எடுத்துவிடலாம். திரையோரமாகப் போனோடு நிற்பவர் மாப்பிள்ளையின் சித்தப்பாவாம், அவரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

முதலாவது என் பொறுப்பு. நிழல், ஒட்டுத் தடம், ஒரே பூ அடுத்தடுத்து மூன்று முறை தெரிவது, சுற்றியிருக்கும் படத்தில் மணல்போல் கிரெய்ன் இருக்க ஒட்டிய இடம் மட்டும் வழவழவென்றிருப்பது, இவையெல்லாம் எத்தனையாவது சுற்றில் சொன்னாலும் இலவசம். இவை வராமலிருக்க, அனுப்பும் முன் படத்தை 100 சதவீத அளவில் மூலைக்கு மூலை பார்ப்பேன், இடவலமாகத் திருப்பிப் பார்ப்பேன், மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டுக் கான்ட்ராஸ்ட்டைக் கண்டபடி ஏற்றிப் பார்ப்பேன். சாதாரணமாகக் கண்ணுக்குத் தப்பும் திட்டுகள் அதில் வெளியே வந்துவிடும்.

இரண்டாவது, பார்வை சம்பந்தப்பட்டது. இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். விலையில் சேர்த்த அந்த ஒரு சுற்று இதற்குத்தான். மூன்றாவது, வட்டமிட்ட படத்தில் இல்லாத புதுவேலை. 80 ரூபாய் என்றேன், சரி என்றார். வட்டமிட்ட படம் இருவர் கையிலும் இருந்ததால் வாக்குவாதத்துக்கு இடமே இருக்கவில்லை.

சித்தப்பா விஷயம் வேடிக்கைதான், ஆனால் கல்யாண வேலையில் சாதாரணமாக நடப்பது. அசல் படத்தின் மேலேயே அழித்திருந்தால் அவரைக் கொண்டுவர மற்ற வேலைகளையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். நான் எடுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வெற்று லேயர் போட்டு, குளோன் ஸ்டாம்பில் Sample என்ற இடத்தில் Current & Below என்று வைத்துக்கொண்டு வேலை செய்வேன். லேயருக்கு வட்டத்தின் எண்ணையே பெயராகக் கொடுப்பேன். சித்தப்பாவின் லேயரை அணைத்தால் சித்தப்பா வந்துவிட்டார். வேலையை இப்படி அடுக்கி வைத்திருந்தால்தான் ஒரு சுற்றுக் கரெக்‌ஷனை விலைக்குள் அடக்கிக் கொடுப்பது கட்டுப்படியாகும். ஆனால் அவரை எடுத்ததற்கான 280 ரூபாயைக் கழிக்கவில்லை. கேட்டது எடுக்கச் சொல்லி, எடுத்தும் ஆயிற்று. கடைசி பில் 3,040 ரூபாய். பணம் முழுதும் வந்த பிறகு பெரிய அளவு ஃபைல்கள் போயின. அதுவரை போனது பெயர் குறுக்கே எழுதிய சிறிய புரூஃப் மட்டும்தான்.

ஒருவர் மட்டும் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். மணமகள் ஒன்று சொல்ல, அத்தை இன்னொன்று சொல்ல, ஒவ்வொன்றும் தனித்தனி மெசேஜாக வந்தால் அது ஒரு சுற்றா, ஐந்து சுற்றா என்று யாரும் சொல்ல முடியாது.

ரேட் சொல்லக்கூடாத வேலை

செம்பூர் ஃபிளாட் படங்களில் கொடியில் காயும் துணி, குளியலறை வாளி, கண்ணாடியில் தெரியும் படம் எடுத்தவர் ஆகியவற்றை எடுத்துத் தருகிறேன். வீடு பார்க்க வருபவர் வரும்போது அவையும் அங்கே இருக்காது. ஆனால் சுவரில் ஓதம் பிடித்த கறையை எடுக்கச் சொன்னாலும், 2014-இல் ஓடத் தொடங்கிய மோனோரயிலின் தடம் பால்கனிக்கு எதிரே தெரிவதை எடுக்கச் சொன்னாலும் மறுத்துவிடுகிறேன். வாங்குபவர் வரும் நாளிலும் அங்கேயே இருக்கப்போவதை எடுப்பது ஏமாற்று. இன்னொருவர் படத்திலிருந்து அவருடைய பெயரையோ வாட்டர்மார்க்கையோ அழித்துத் தரச் சொல்பவருக்கும் பதில் இதேதான். அனுமதி இல்லாமல் உரிமைத் தகவலை நீக்குவது காப்புரிமைச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். இந்த வேலைகளுக்கு ‘கடினம்’ என்று அதிக ரேட் சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்க்காதீர்கள், சிலர் அதற்கும் சரி என்பார்கள். செய்வதில்லை என்று சொல்லிவிடுங்கள்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் உடனே செய்ய வேண்டியது ஒன்று. அடுத்து வரும் வேலையில், ஒவ்வொரு படத்துக்கும் ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், கரெக்‌ஷனுக்குப் போன நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நான் மேலே தந்த நிமிடங்கள் என் கையின் வேகம். உங்கள் நோட்டில் வரும் நிமிடங்களை வைத்து உங்கள் ரேட்டைப் போடுங்கள். அதன் பிறகு ‘சின்ன நூல்தானே’ என்று யார் கேட்டாலும், எத்தனை நிமிடம் என்று சொல்ல உங்களிடம் பதில் இருக்கும்.